ட்வெல்வ்-டோன் ரோ எழுதுறது எப்படி: இன்வர்ஷனையும் ரெட்ரோகிரேடையும் முன்னாடியே மனசுல வச்சு வரிசை கட்டுற முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு ஸ்வரத்தையும் எப்படியோ கலைச்சுப் போட்டு வரிசையா எழுதிட்டா அது டோன் ரோ ஆயிடும், விதிப்படி அதுல எந்தத் தப்பும் கிடையாது, ஏன்னா விதியே ஒண்ணுதான்: பன்னிரண்டும் வரணும், ஒண்ணு கூட ரெண்டாவது தடவை வரக்கூடாது. இப்படிப் பாத்தா மொத்தம் 47,90,01,600 வரிசை எழுதலாம். இவ்வளவுல எதை எடுக்கிறதுங்கிறதுதான் விஷயமே. இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க் 1920கள்ல இந்த முறையை உருவாக்கினப்போ கண்ணை மூடிட்டு ஒரு வரிசையை எடுக்கல, இந்த வரிசையைத் தலைகீழாக்கினா, அதாவது இன்வர்ஷன் பண்ணினா என்ன வரும், பின்னாடி இருந்து வாசிச்சா, அதாவது ரெட்ரோகிரேட் பண்ணினா என்ன வரும், ரெண்டையும் ஒண்ணா வாசிச்சா முட்டுமா முட்டாதான்னு பாத்துப் பாத்துக் கட்டினாரு. ட்வெல்வ்-டோன் பத்தி படிக்கிற நிறைய பேருக்கு இந்தப் பகுதிதான் சரியா போய்ச் சேர்றதில்லன்னு நினைக்கிறேன், முதல்ல ரோ எழுது, அப்புறம் இன்வர்ஷன் கண்டுபிடின்னு சொல்லிக் குடுத்துடறாங்க, நிஜத்துல இன்வர்ஷனைத் தீர்மானம் பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி ரோவை எழுதலாம், அதுதான் நல்ல வழி. இங்க ஒரு வரிசையை ஒண்ணுமில்லாததுல இருந்து கட்டி, கடைசி வரைக்கும் அதையே வச்சுப் பாக்கலாம்.

முதல்ல நம்பர்

ஸ்வரப் பேரை வச்சு இந்தக் கணக்கு போட்டா கை வலிக்கும், அதனால எல்லாரும் நம்பர்தான் போடுவாங்க. சி-யை 0ன்னு வச்சு, ஒவ்வொரு செமிடோனுக்கும் ஒண்ணு கூட்டிட்டே போங்க.

```
0 சி          6 எஃப் ஷார்ப்
1 சி ஷார்ப்    7 ஜி
2 டி          8 ஜி ஷார்ப்
3 டி ஷார்ப்    9 ஏ
4 இ          10 ஏ ஷார்ப்
5 எஃப்        11 பி
```

டி ஷார்ப்பும் இ ஃப்ளாட்டும் இங்க ஒரே ஸ்வரம்தான், ரெண்டுக்கும் 3. எந்த ஆக்டேவ்ல இருந்தாலும் டி-ன்னா 2தான். கூட்டும்போது 12ஓ அதுக்கு மேலயோ வந்தா 12ஐக் கழிச்சுடுங்க, கழிக்கும்போது 0க்குக் கீழ போனா 12ஐக் கூட்டிடுங்க, கடிகாரத்துல பத்து மணிக்கு அப்புறம் அஞ்சு மணி நேரம் போனா மூணு மணின்னு சொல்ற அதே கணக்கு.

ஆக்டேவ் கணக்குல வராதுங்கிறதை நல்லா பிடிச்சுக்கணும். வரிசைல 2க்கு அப்புறம் 6 இருக்குன்னா டி-க்கு அடுத்து எஃப் ஷார்ப் வரணும், அவ்வளவுதான். நாலு செமிடோன் மேல ஏறியும் போகலாம், எட்டு செமிடோன் கீழ இறங்கியும் போகலாம், ரெண்டு ஆக்டேவ் தாண்டியும் குதிக்கலாம். அதனால ரோங்கிறது மெலடி இல்ல, மெலடி அதுல இருந்து வரும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்துல கார்டாவும் அடிக்கலாம், ஒரே ஸ்வரத்தை அடுத்த ஸ்வரத்துக்குப் போறதுக்கு முன்னாடி பத்து தடவை தட்டலாம், ட்ரில் போடலாம். இதெல்லாம் ரோவை உடைச்சதா ஆகாது.

ரோவைக் கட்ட ஆரம்பிக்கிறது: ஜோடி போடுங்க

இன்வர்ஷன்னா ஒவ்வொரு இடைவெளியும் திசை மாறிடும், நாலு செமிடோன் ஏறின இடத்துல நாலு இறங்கும், ஒண்ணு இறங்கின இடத்துல ஒண்ணு ஏறும். கணக்கா சொன்னா ஒரு எண்ணை நிலையா வச்சுக்கிட்டு, அதுல இருந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் கழிச்சா வர்றதுதான் இன்வர்ஷன். அந்த எண் 9ன்னு வைங்க, 2 போய் 7 ஆகும், 6 போய் 3 ஆகும், 11 போய் மைனஸ் 2, அதாவது 10 ஆகும். திரும்பக் கழிச்சா 7 மறுபடி 2 ஆயிடும். அப்போ பன்னிரண்டு ஸ்வரமும் ஆறு ஜோடியா பிரிஞ்சுடுது:

```
0-9   1-8   2-7   3-6   4-5   10-11
```

இப்போ கவனிங்க. ஒவ்வொரு ஜோடில இருந்தும் ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்து ரோவோட முதல் ஆறு ஸ்வரமா வச்சா, அதை 9ல இருந்து கழிக்கும்போது ஒவ்வொண்ணும் தன் ஜோடியா மாறும், அந்த ஜோடிகள் எல்லாம் ரோவோட ரெண்டாவது பாதில இருக்கிறவை. அதாவது ரோவோட முதல் பாதியும் இன்வர்ஷனோட முதல் பாதியும் சேர்ந்தா பன்னிரண்டும் ஒரு தடவை வந்துடும், ஒரு ஸ்வரம் கூட இடிக்காது. வலது கைல ரோவையும் இடது கைல இன்வர்ஷனையும் ஒரே நேரத்துல வாசிக்கலாம். ஷோன்பெர்க்கோட முதிர்ந்த காலத்து எழுத்து பெரும்பாலும் இது மேலதான் நிக்குது, இதுக்கு ஹெக்ஸாகார்டல் காம்பினேட்டோரியாலிட்டின்னு பெரிய பேர் எல்லாம் உண்டு, ஆனா வேலை இந்த ஆறு ஜோடிதான்.

கழிக்கிற எண் ஒற்றைப்படையா இருக்கணும். 8 எடுத்தீங்கன்னா 4ஐக் கழிச்சா 4ஏ வரும், 10ஐக் கழிச்சாலும் 10ஏ வரும், ரெண்டு ஸ்வரம் தனக்குத் தானே ஜோடி ஆயிடும், அதை ரெண்டு பாதியா பிரிக்க வழியே இல்ல. ஒற்றைப்படைன்னா இந்தப் பிரச்சினை வராது.

நான் எடுக்கிறது 0, 1, 2, 6, 5, 11. ஒவ்வொரு ஜோடில இருந்தும் ஒண்ணு. மிச்சம் 9, 8, 7, 3, 4, 10. இப்போ பாதி வேலை முடிஞ்சுது, எந்த ஆறு முதல்ல, எந்த ஆறு அடுத்துன்னு தெரிஞ்சுடுச்சு. இனி ஒவ்வொரு பாதிக்குள்ளயும் எந்த வரிசைல வைக்கிறதுன்னு பாக்கணும், அங்கதான் காது வேணும்.

பாதிக்குள்ள அடுக்குறது

முதல் முயற்சியா 11, 2, 6ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க. பி, டி, எஃப் ஷார்ப். அது சுத்தமான பி மைனர் கார்டு. வாசிச்சவுடனே காது அதை வீடா பிடிச்சுக்கும், அடுத்து வர்ற ஒன்பது ஸ்வரமும் அந்த வீட்டை விட்டு வெளிய போன மாதிரிதான் கேட்கும், எல்லா ஸ்வரமும் சமம்ங்கிற எண்ணமே அங்க போயிடும். அதனால அடுத்தடுத்த மூணு ஸ்வரம் மேஜர், மைனர், டிமினிஷ்ட், ஆக்மென்டட் கார்டு எதையும் உருவாக்குதான்னு ஜன்னல் மாதிரி மூணு மூணா நகர்த்திப் பாக்கணும். பத்து மூணு இருக்கும், பத்தையும் பாருங்க.

இது சட்டம் கிடையாதுங்கிறதையும் இங்கயே சொல்லிடறேன். ஆல்பன் பெர்க் 1935ல எழுதின வயலின் கான்செர்டோவோட ரோ, ஜி மைனர், டி மேஜர், ஏ மைனர், இ மேஜர்னு கார்டுகளை ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கோத்துப் போகும், கடைசி நாலு ஸ்வரம் மட்டும் முழுப்படில, அதாவது ரெண்டு ரெண்டு செமிடோனா ஏறும். அவருக்கு டோனல் வாசனை வேணும், வேணும்னே வச்சாரு. நமக்கு இப்போ வேண்டாம், அதனால தவிர்க்கிறோம். ரெண்டுமே முடிவுதான், தெரியாம உள்ள வந்துட்டாதான் பிரச்சினை.

ரெண்டாவதா இடைவெளிகளைப் பாக்கணும். 0, 1, 2ன்னு செமிடோனா ஏறிட்டே போனா வெறும் க்ரோமாட்டிக் ஸ்கேல் ஆயிடும், அதோட இன்வர்ஷன் இறங்குற க்ரோமாட்டிக் ஸ்கேல், அதோட ரெட்ரோகிரேடும் இறங்குற க்ரோமாட்டிக் ஸ்கேல், நாலு வடிவமும் ரெண்டா சுருங்கிடும், கேட்கிறவருக்கு எதையும் எதுல இருந்தும் பிரிச்சுக் காட்ட முடியாது. ரோவுக்கு முகம் குடுக்கிறதே இடைவெளிகளோட கலவைதான். நான் முதல் பாதிக்கு வச்சது 2, 6, 5, 0, 1, 11. நாலு ஏறுது, ஒண்ணு இறங்குது, அஞ்சு இறங்குது, ஒண்ணு ஏறுது, ரெண்டு இறங்குது. மூணு மூணா பாத்தாச்சு, கார்டு எதுவும் இல்ல.

ரெண்டாவது பாதிக்குப் போறப்போ நிறைய பேர் விட்டுடறது தையல் இடத்தை. பாதிக்குள்ள எல்லாம் சுத்தமா இருக்கும், ஆனா முதல் பாதியோட கடைசி ரெண்டு ஸ்வரமும் அடுத்த பாதியோட முதல் ரெண்டு ஸ்வரமும் சேர்ற இடத்துல ஒரு கார்டு ஒளிஞ்சிருக்கும். இங்கயே பாருங்க, 11ல முடிஞ்சிருக்கு, அடுத்து 8, 4ன்னு வச்சா பி, ஜி ஷார்ப், இ, அப்படியே இ மேஜர். 7, 3ன்னு வச்சா ஆக்மென்டட். ரெண்டும் வேண்டாம்னு 8, 10ன்னு போனேன், அதுக்கு மேல 3, 9, 4, 7. முழு ரோ:

```
2  6  5  0  1  11 | 8  10  3  9  4  7
```

டி, எஃப் ஷார்ப், எஃப், சி, சி ஷார்ப், பி, அப்புறம் ஜி ஷார்ப், ஏ ஷார்ப், டி ஷார்ப், ஏ, இ, ஜி. இதை ஒரு தடவை பியானோலயோ போன்ல இருக்கிற கீபோர்டுலயோ மெதுவா வாசிச்சுப் பாருங்க, மேல படிக்கிறதுக்கு முன்னாடி காதுல இருக்கிறது நல்லது. இடைவெளிகளையும் எழுதி வச்சுக்கோங்க, இதுதான் பின்னாடி சரிபார்க்க உதவும்:

```
+4  -1  -5  +1  -2  -3  +2  +5  +6  -5  +3
```

இன்வர்ஷன்

பள்ளில ஹார்மனி படிச்சவங்க கார்டு இன்வர்ஷனை மறந்துடுங்க, அடி ஸ்வரத்தை எடுத்து மேல வைக்கிற அந்த வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இங்க நடக்கிறது கண்ணாடில பாக்கிற மாதிரி திசை திரும்புறது மட்டும்தான். ரெண்டு வழில எழுதலாம். ஒண்ணு, அதே 2ல ஆரம்பிச்சு மேல எழுதின இடைவெளிகளோட ப்ளஸ் மைனஸை மாத்திட்டே போறது: நாலு இறங்கு, ஒண்ணு ஏறு, அஞ்சு ஏறு. அப்படி வந்தா:

```
2  10  11  4  3  5  8  6  1  7  0  9
```

இது சரியான இன்வர்ஷன்தான். ஆனா நம்ம ரோவோட முதல் பாதி 2, 6, 5, 0, 1, 11, இதோட முதல் பாதி 2, 10, 11, 4, 3, 5. 2, 11, 5 மூணும் ரெண்டுலயும் இருக்கு, சேர்த்து வாசிச்சா மூணு ஸ்வரம் ரெட்டிப்பாகும், மூணு ஸ்வரம் வரவே வராது. நாம 9ங்கிற எண்ணுக்காகக் கட்டினோம், அதனால 9ல இருந்து கழிக்கிறதுதான் ரெண்டாவது வழி:

```
7  3  4  9  8  10 | 1  11  6  0  5  2
```

முதல் ஆறும் நம்ம ரோவோட ரெண்டாவது பாதில இருக்கிற அதே ஆறு, வேற வரிசைல. ரெண்டு இன்வர்ஷனுக்கும் வடிவம் ஒண்ணேதான், ரெண்டாவது அஞ்சு செமிடோன் மேல நகர்ந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்த அஞ்சு செமிடோன்ல எல்லாமே மாறிடுது. ஷோன்பெர்க்கும் ரோவுக்கு அஞ்சு செமிடோன் மேல ஆரம்பிக்கிற இன்வர்ஷனைத்தான் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தாரு. 1929ல வெளிவந்த அவரோட ஓபஸ் 33ஏ பியானோ பீஸோட ரோ 10, 5, 0, 11, 9, 6, 1, 3, 7, 8, 2, 4. இதை 3ல ஆரம்பிச்சு இன்வர்ஷன் பண்ணினா முதல் ஆறு 3, 8, 1, 2, 4, 7ன்னு வரும். மூல வரிசையோட ரெண்டாவது பாதியைப் பாருங்க, அதே ஆறுதான். நாம இவ்வளவு நேரம் பண்ணின ஜோடிக் கணக்குதான் அது, அவருக்கு அந்த எண் 1, நமக்கு 9.

சரியா எழுதினோமான்னு பாக்க எளிய வழி, ரோவையும் இன்வர்ஷனையும் ஒண்ணு கீழ ஒண்ணா எழுதி செங்குத்தா கூட்டுங்க. ஒவ்வொரு பத்தியும் 9 இல்லன்னா 21 வரணும். 2ம் 7ம் 9, 11ம் 10ம் 21. வேற எது வந்தாலும் அந்த இடத்துல கழித்தல் தப்பு, பெரும்பாலும் மைனஸ் வந்த இடத்துல 12ஐக் கூட்டாம விட்டிருப்பீங்க. இதைவிட வேகமான சோதனை, பன்னிரண்டும் வந்துடுச்சான்னு எண்ணிப் பாக்கிறது, ஒரு ஸ்வரம் ரெண்டு தடவை வந்தா எங்கயோ சறுக்கல். ஆனா எண்ணிப் பாக்கிறது மட்டும் போதாது, ரெண்டு ஸ்வரம் இடம் மாறியிருந்தாலும் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும்.

ரெட்ரோகிரேட், அப்புறம் ரெண்டையும் சேர்த்தது

ரெட்ரோகிரேட்னா கடைசில இருந்து முதலுக்கு வாசிக்கிறது, கணக்கே வேண்டாம்:

```
7  4  9  3  10  8 | 11  1  0  5  6  2
```

எழுத சுலபம், ஆனா இதுக்குள்ள நடக்கிறது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பின்னாடி இருந்து வரும்போது இடைவெளிகளோட வரிசை மட்டும் திரும்பல, திசையும் திரும்புது. ஏறிப் போன படியில திரும்பி வந்தா இறங்கித்தானே வரணும். ரோவோட கடைசி இடைவெளி மூணு ஏற்றம், 4ல இருந்து 7. ரெட்ரோகிரேடோட முதல் இடைவெளி 7ல இருந்து 4, மூணு இறக்கம். அதனால ரெட்ரோகிரேடைக் காதால பிடிக்கிறது இன்வர்ஷனை விட கஷ்டம். இன்வர்ஷன்ல இடைவெளிகளோட அளவு அதே வரிசைல வரும், நாலு, ஒண்ணு, அஞ்சு, ஒண்ணு, ரெண்டுன்னு, திசை மட்டும்தான் மாறும், அதனால ஒரு ஜாடை தெரியும். ரெட்ரோகிரேட்ல கடைசி முதலாகி, மேல கீழாகி, ரிதமும் மாறியிருந்தா சாதாரணமா கேட்கிறவருக்கு அடையாளம் தெரியாது. கேட்கிறவர் பிடிக்கணும்னு ஆசைப்பட்டா ரிதத்தையும் சேர்த்துத் திருப்புங்க, இல்லன்னா கடைசி மூணு நாலு ஸ்வரத்துக்கு நல்லா மனசுல நிக்கிற ஒரு உருவம் குடுத்து முடிச்சுட்டு, உடனே அதே உருவத்துல இருந்து பின்னாடி போங்க.

ரெட்ரோகிரேட் இன்வர்ஷன்னா இன்வர்ஷனைப் பின்னாடி இருந்து வாசிக்கிறது. நம்ம 9 இன்வர்ஷனைத் திருப்பினா:

```
2  5  0  6  11  1 | 10  8  9  4  3  7
```

இங்க ஒரு அழகான விஷயம் இருக்கு. இன்வர்ஷன் திசையை ஒரு தடவை மாத்துது, பின்னாடி வாசிக்கிறது இன்னொரு தடவை மாத்துது, ரெண்டும் சேர்ந்து ரத்தாயிடுது. அதனால இதோட இடைவெளிகள் ப்ளஸ் மைனஸ் மாறாம, மூலத்தோட இடைவெளிகளை வலது பக்கத்துல இருந்து படிச்ச மாதிரியே வரும். நீங்களே போட்டுப் பாருங்க: மூணு ஏற்றம், அஞ்சு இறக்கம், ஆறு, அஞ்சு ஏற்றம், ரெண்டு ஏற்றம், மூணு இறக்கம். மேல எழுதி வச்ச இடைவெளி வரிசையை வலதுல இருந்து இடது பக்கமா படிங்க, அப்படியே அதேதான். இது பொருந்தலன்னா இன்வர்ஷன்லயோ திருப்புனதுலயோ தப்பு இருக்குன்னு அர்த்தம். ரெண்டையும் ஒரே அடில சோதிக்கிறதால நாலு வடிவம் எழுதி முடிச்சதும் நான் முதல்ல பாக்கிறது இதைத்தான்.

இன்னொண்ணு, ரோவும் அதோட ரெட்ரோகிரேடும் எப்பவுமே பாதிக்குப் பாதி பொருந்தும், ஏன்னா ரெட்ரோகிரேடோட முதல் பாதிங்கிறது ரோவோட ரெண்டாவது பாதிதான். எந்த ரோவா இருந்தாலும் இது இலவசம். இன்வர்ஷனோட பொருந்துறது மட்டும்தான் திட்டம் போட்டு வாங்க வேண்டியது, அதுக்குத்தான் ஜோடிக் கணக்கு.

48ல எதை எடுக்கிறது

நாலு வடிவம், ஒவ்வொண்ணும் பன்னிரண்டு ஸ்வரத்துல எதுல வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், ஆக மொத்தம் 48. எல்லாத்தையும் ஒரு கட்டத்துல எழுதி வச்சு, கட்டத்துல இருக்கிறதால எல்லாத்தையும் பயன்படுத்தணும்னு இறங்கினா பீஸ் கலங்கிடும். எதை விடறோம்ங்கிறதுலதான் அந்த இசையோட குணமே வருது.

இதுக்கு நல்ல உதாரணம் ஷோன்பெர்க் 1921ல இருந்து 1923 வரைக்கும் எழுதின ஓபஸ் 25 பியானோ ஸ்வீட். முழுசா ஒரே ரோ மேல நிக்கிற அவரோட முதல் பெரிய படைப்பு. 48ல அவர் எடுத்தது எட்டே எட்டு. ரோவும் இன்வர்ஷனும் 4ல ஆரம்பிச்சு, அப்புறம் அதே ரெண்டும் 10ல ஆரம்பிச்சு, இந்த நாலோட ரெட்ரோகிரேட். நாலையும் கீழ கீழ வச்சுப் பாருங்க:

```
4   5   7  1  6  3   8  2  11  0  9   10
4   3   1  7  2  5   0  6  9   8  11  10
10  11  1  7  0  9   2  8  5   6  3   4
10  9   7  1  8  11  6  0  3   2  5   4
```

ஒவ்வொரு வரியும் 4ல ஆரம்பிச்சு 10ல முடியுது, இல்லன்னா 10ல ஆரம்பிச்சு 4ல முடியுது. மூணாவது நாலாவது இடத்துல எப்பவும் 7ம் 1ம்தான், முன்ன பின்ன மாறி நிக்குது. இ - ஏ ஷார்ப் ஒரு ட்ரைடோன், ஜி - சி ஷார்ப் இன்னொரு ட்ரைடோன். ட்ரைடோன்ங்கிறது ஆறு செமிடோன், ஆக்டேவ்ல சரியா பாதி, அதைத் தலைகீழாக்கினாலும் ஆறுதான், ஆறு செமிடோன் நகர்த்தினாலும் அதே ரெண்டு ஸ்வரம்தான் இடம் மாறி வரும். அதனாலதான் அவரு ட்ரைடோனை ரோவோட முக்கியமான இடங்கள்ல வச்சு, ஆறு செமிடோன் நகர்த்தினதை மட்டும் எடுத்துக்கிட்டாரு. பீஸ் முழுக்க வடிவம் மாறிட்டே இருந்தாலும் அந்த ஜி, சி ஷார்ப் ஜோடி மறுபடி மறுபடி காதுல விழும். டோனல் இசைல ஒரு ஆதார ஸ்வரம் செய்ற வேலைல கொஞ்சத்தை இங்க ஒரு இடைவெளி செய்யுது. இதே ரோவைப் பின்னாடி இருந்து பாத்தா முதல் நாலு ஸ்வரம் 10, 9, 0, 11, ஜெர்மன் ஸ்வரப் பேர்ல அது பி, ஏ, சி, ஹெச், பரோக் இசையமைப்பாளர் பாக்கோட பேரோட நாலு எழுத்து. பரோக் காலத்து நடனங்களோட பேர்ல அமைஞ்ச ஒரு ஸ்வீட்டுல அது இருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

48ங்கிறதும் எல்லா ரோவுக்கும் கிடைக்காது. ஆன்டன் வெபர்ன் 1928ல முடிச்ச ஓபஸ் 21 சிம்பனியோட ரோ 9, 6, 7, 8, 4, 5, 11, 10, 2, 1, 0, 3. இதைப் பின்னாடி இருந்து எழுதி ஒவ்வொண்ணுக்கும் 6 கூட்டுங்க, ஆரம்பிச்ச ரோவே திரும்ப வந்துடும். அதனால அவருக்குக் கிடைக்கிறது 24 தான். அவருக்கு அந்தக் கண்ணாடிச் சமச்சீர்தான் வேணும். உங்களுக்குப் பலவிதமான வடிவம் வேணும்னா, ரோ கட்டினதும் இடைவெளிகளை ரெண்டு பக்கத்துல இருந்தும் படிச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னும், வெபர்னோட ரோ மாதிரி ப்ளஸ் மைனஸ் மட்டும் எல்லாமே எதிரா மாறி வருதான்னும் பாத்துடுங்க.

ரெண்டு கைக்கும் குடுக்கிறது

இப்போ நம்ம ரோவுக்கே வரலாம். வலது கைக்கு ரோ, இடது கைக்கு 9 இன்வர்ஷன். பொருந்தும்னு தெரியும். ஆனா ரெண்டு கையும் ஒரே ரிதத்துல, ஒண்ணுக்கு ஒண்ணா நகர்ந்தா ஒரு குறை வந்துடும், கணக்குல சரியா இருக்கும், காதுக்கு அலுத்துடும். ஏன்னா ஒவ்வொரு அடிலயும் ஒலிக்கிறது அந்த ஆறு ஜோடில ஒண்ணு. 2-7 அஞ்சு செமிடோன், 6-3 மூணு, 5-4 ஒண்ணு, 0-9 மூணு, 1-8 அஞ்சு இல்லன்னா ஏழு, 11-10 ஒண்ணு. ரெண்டாவது பாதிலயும் அதே ஆறு ஜோடிகள்தான் வேற வரிசைல வரும். எண் 9 ஒற்றைப்படைங்கிறதால ஜோடில ஒண்ணு ஒற்றை, ஒண்ணு இரட்டை, வித்தியாசம் எப்பவும் ஒற்றைப்படைதான். மேஜர் தேர்டு, முழுப்படி, ட்ரைடோன் மூணும் செங்குத்தா ஒரு தடவை கூட கேட்காது. எந்தப் பொருத்தத்துக்காக ஒற்றைப்படை எண் எடுத்தோமோ, அதோட விலை இது.

தீர்வு ரிதத்துல இருக்கு. இடது கையை ஒரு ஸ்வரம் முன்னாடி விடுங்க, 7ஐ அது தனியா வாசிச்சுட்டு 3க்குப் போறப்போ வலது கை 2ல ஆரம்பிக்கட்டும். இப்போ சேர்றது 2-3 செமிடோன், 6-4 முழுப்படி, 5-9 மேஜர் தேர்டு, 0-8 மேஜர் தேர்டு, 1-10 மைனர் தேர்டு. உடனே நிறம் வந்துடுச்சு.

ஆனா தையல் இடத்துல மறுபடி கவனம் வேணும். இடது கை ஒரு ஸ்வரம் முன்னாடி ஓடறதால, வலது கை தன்னோட ஆறாவது ஸ்வரமான 11க்கு வர்றப்போ இடது கை ஏற்கனவே ரெண்டாவது பாதிக்குப் போய் 1ஐ வாசிக்கும். அந்த 1ஐ வலது கை இப்போதான் வாசிச்சு முடிச்சிருக்கு. பன்னிரண்டும் முடியுறதுக்கு முன்னாடியே சி ஷார்ப் ரெண்டாவது தடவை வந்துடுது, இவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டின பொருத்தம் அங்க கசிஞ்சுடும். கேட்கும்போது சி ஷார்ப் மட்டும் மத்ததை விடக் கொஞ்சம் கனமா தெரிஞ்சா காரணம் இதுதான். இடது கையோட ஆறாவது ஸ்வரம் 10ஐ நீட்டிப் பிடிச்சு வச்சிருங்க, வலது கை 1ஐ வாசிச்சு 11ஐயும் வாசிச்சு முடிக்கட்டும், 11ம் 10ம் உரசுற அந்த செமிடோன் ஒரு மூச்சு விடற இடமா நிக்கட்டும், அதுக்கப்புறம் ரெண்டு கையும் அடுத்த பாதிக்குப் போகலாம், இந்தத் தடவை வேணும்னா வலது கை முன்னாடி. முடிவுல வலது கை 7ல வந்து நிக்கும், இடது கை 2ல வந்து நிக்கும், ஆரம்பிச்சப்போ இருந்த அதே ரெண்டு ஸ்வரம், கை மட்டும் மாறி. அங்க இருந்து வலது கை 7ஐ விடாம அப்படியே இன்வர்ஷனை ஆரம்பிக்கலாம், இடது கை 2ல இருந்து ரோவை எடுத்துக்கலாம்.